ஒரு கூரையின் மேல் மூன்று தளம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுப் பின்னறைக் கூரையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம், இரண்டு விரல் கனம். விழுந்த இடத்தில் தலையணை இருந்தது. ஐந்து நிமிடம் முன்பு வரை அந்தத் தலையணையில் என் மகளின் தலை இருந்தது.

அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். குன்றத்தூரில் இருக்கும் மாமியார் வீட்டிலிருந்து இரண்டு நாள் தங்கிப் போக வந்திருந்தாள். மருமகன் போன் செய்திருக்கிறார். பின்னறையில் சிக்னல் சரியாக இருக்காது என்பதால் எழுந்து வாசலுக்குப் போயிருக்கிறாள். அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் நான். என் மனைவி அடுத்த ஒரு மாதம் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்ன கதை இது: "பொண்ணு எங்கேன்னு கூட கேக்கல. கல்லைத் தூக்கினு வந்து கிச்சன் தராசுல வெச்சி எடை பாக்கறாரு." உண்மைதான், பார்த்தேன். மூன்று கிலோ இருநூறு கிராம். மகள் வாசலில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அதன் பிறகு கையில் எதையாவது வைத்துக்கொண்டு ஏதாவது செய்யாவிட்டால் கீழே உட்கார்ந்துவிடுவேன் போல இருந்தது. ஒரகடத்தில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அளந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

வீடு அப்பா கட்டியது. முப்பது வருடம் ஆகிறது. அப்போது நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். தூண்கள் இல்லாத வீடு; செங்கல் சுவர்களே கூரையைத் தாங்கும். ஒரு ஹால், இரண்டு அறை, சமையலறை. சேரப்பணஞ்சேரிப் பக்கம் எங்கள் தெருவில் முதலில் வந்த கான்கிரீட் வீடுகளில் ஒன்று. இப்போது இருபுறமும் இரண்டு மாடி, மூன்று மாடி. எல்லா மாடியிலும் கம்பெனிப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். மூன்று ஷிப்டுக்கும் தெருவில் யாராவது பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள்.

அன்று மாலையே மகளை மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். சம்பந்தியம்மா காபி கொடுத்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "பிரசவத்துக்கு அங்கதானே கூட்டிட்டுப் போறீங்க?" என்றார். கேள்வியில் வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்டபோது அவர்கள் வீட்டுக் கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஆவணியில் வளைகாப்பு முடிந்ததும் மகளை அழைத்து வர வேண்டும். அப்போது வைகாசி. அவள் வந்து படுக்க வேண்டியது அதே பின்னறையில். மற்ற அறை எங்கள் மகனுடையது; அதில் அவனுடைய பைக் சாமான்கள் போக ஒரு ஆள் பக்கவாட்டில் படுக்கலாம்.

மகனுக்கு இருபத்தைந்து வயது. கார் கம்பெனி ஒன்றில் லைனில் வேலை. கல் விழுந்த மறுநாளே அவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"இடிச்சிடலாம்பா. கீழ நம்ம வூடு, மேல ரெண்டு மாடி. மாடிக்கு நாலு ரூம். எட்டு ரூம்பா! ரூமுக்கு மூணு பசங்க. லோன் அதுவா கட்டிக்கும்."

"அதுவா கட்டிக்குமா? நீ எதுக்கு அப்போ?" என்றாள் என் மனைவி.

"நான் வாடகை வசூல் பண்ணுவேன்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தெருவில் நான்கு தடவை ரோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டதில் எங்கள் வாசல் ரோட்டைவிட ஒரு அடி தாழ்ந்துவிட்டது. ஐப்பசி மழையில் தண்ணீர் ஹால் வரைக்கும் வரும். புது வீடு என்றால் உயர்த்திக் கட்டலாம். இந்தக் குறை பழைய வீட்டை எத்தனை பழுது பார்த்தாலும் போகாது.

ஆனால் கணக்குப் போட்டால் வேறு மாதிரி வந்தது. இடிக்க ஒரு மாதம். பிளான் அனுமதி வர இரண்டு மாதமோ மூன்று மாதமோ. கட்டி முடிக்க ஒரு வருடம். அதுவரை வாடகை வீடு. ஒரு குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் கொடுப்பதில்லை. அந்த இடத்தில் ஆறு பையன்களை வைத்தால் இரண்டு மடங்கு வரும். அதோடு, அப்பா காலத்தில் ஒரு பக்கச் சுவரை மதில் மேலேயே ஏற்றிக் கட்டிவிட்டார். இப்போது புதிதாக அனுமதி வாங்கினால் முன்னால், பின்னால், பக்கத்தில் இடம் விட்டாக வேண்டும். மகன் போனில் வரைந்து காட்டிய படத்தில், இடம் விட்டது போக, மாடிப்படியும் போக, கீழ் வீடு இப்போது இருப்பதைவிடச் சிறியதாக இருந்தது.

மனைவி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது இன்னா, லிப்டா?"

"கிச்சன்மா."

"நான் உள்ள போனா குக்கர் வெளிய வரணும் போல கீதே."

அவளுக்கு இடிப்பதில் விருப்பமில்லை. எனக்கோ விருப்பம் என்று எதுவும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. பழுது பார்த்தால் மறுபடி விழுமோ என்று பயம். இடித்தால் மகளுக்குப் பிரசவம் பார்க்க வீடே இல்லையே என்று பயம். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "காலைல இடிக்கிறாரு, சாயங்காலம் பூசறாரு," என்றான் மகன்.

வழக்கமாக எங்களுக்கு வேலை செய்யும் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் பின்னறைக்குள் வந்து, துருப்பிடித்து வெளியே தெரிந்த கம்பிகளை, தெரிந்தவரைப் பார்ப்பது போல அன்பாகப் பார்த்தார்.

"ஒண்ணியும் இல்ல சார். வயசாவுது இல்ல, தோல் உரியுது. கொத்திவுட்டு பூசிடலாம். மேல இன்னொரு தளம் போட்டுட்டா தண்ணி எறங்காது."

"இன்னொரு தளமா?" என்றாள் மனைவி என்னைப் பார்த்து. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

தளம் என்று நாங்கள் சொல்வது மொட்டை மாடியில் மழையும் வெயிலும் இறங்காமல் கான்கிரீட்டின் மேல் போடும் பூச்சு.

மேஸ்திரியை அனுப்பிவிட்டு, கம்பெனியில் ஒருவர் சொல்லி, பழைய கட்டடங்களைச் சோதித்துப் பார்க்கும் ஒரு பெண் இன்ஜினியரை அழைத்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டியில் ஒரு சின்னச் சுத்தியலோடு வந்தார். ஏணி போட்டு ஏறி, கூரை முழுவதும் அரை அடிக்கு ஒரு தட்டு. ஹாலில் டங் டங் என்று கெட்டியாகக் கேட்டது. சமையலறையிலும் அப்படியே. பின்னறைக்கு வந்ததும் சத்தம் பொத்தென்று மாறியது. தட்டிய இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். முடிவில் அந்தக் கூரையில் வட்டம் இல்லாத இடம் கொஞ்சமாகத்தான் இருந்தது.

"ஒரு ரூம்ல மட்டும் ஏன் இப்படி? மேல பாக்கலாம் சார்," என்றார்.

மாடியில் பின்னறைக்கு நேர் மேலே, ஓர் ஓரமாக, உளியால் ஒரு சாண் சதுரம் கொத்தச் சொன்னார். அதற்காக நான் அழைத்திருந்த ஆள் கொத்திக்கொண்டே இருந்தான். முதலில் வெள்ளை ஓடு. அதன் கீழே சிமெண்ட் கலவை. அதன் கீழே இன்னொரு சிமெண்ட் தளம். அதன் கீழே அப்பா காலத்துச் சிவப்புத் தட்டை ஓடு. அதன் கீழே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும். அதற்கும் கீழேதான் கான்கிரீட் வந்தது. டேப்பை உள்ளே விட்டேன். பழக்கதோஷம். ஒன்பதரை அங்குலம்.

"மூணு தளம்," என்றார் இன்ஜினியர். "யார் போட்டது?"

"ஒண்ணு அப்பா."

"மிச்ச ரெண்டு?"

என் மனைவி துணி காய வைக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்காகப் பதில் சொன்னாள். "மொதல் தபா ஒழுவும்போது ஒண்ணு போட்டாரு மேடம். மறுபடி ஒழுவிச்சி, இன்னொண்ணு. பழசைப் பேத்துட்டு போடுங்கன்னு சொன்னேன். பேத்தா தூசு, லேட்டாவும், மேலயே போட்டா ஸ்ட்ராங்குன்னாரு."

"சாருக்கு கம்பெனில என்ன வேலை?"

"குவாலிட்டி," என்றேன்.

அவர் சிரிக்காமல் இருக்க முயன்றது தெரிந்தது. மனைவி முயலவே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் இன்ஜினியர் மாடியின் கைப்பிடிச் சுவரோரம் நடந்து ஓரிடத்தில் குனிந்தார். அங்கேதான் விஷயம் இருந்தது. மழைத் தண்ணீர் இறங்க அப்பா வைத்த குழாயின் வாய், நான் போட்ட இரண்டாம் தளத்துக்கும் கீழே போய்ப் புதைந்திருந்தது. மூன்றாவது தளம் போட்டபோது மேஸ்திரி வேறொரு மூலையில் புதிதாக ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார். ஆனால் தண்ணீர் ஓடும் சரிவு, அதாவது வாட்டம், பழைய பக்கமே இருந்தது. ஏழெட்டு வருடமாக மழைத் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்து, வழி மூடியிருந்ததால் அங்கேயே உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, என் மகள் படுக்கும் அறைக் கம்பியைத் தின்றிருக்கிறது. ஈரம் மட்டும் இல்லை, அத்தனை சுமையும் சேர்ந்து.

கம்பெனியில் ஒரு பொருளில் குறை வந்தால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்க வேண்டும் என்று புதிதாக வரும் பையன்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். வீட்டில் ஒரு முறை கூடக் கேட்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் கூரையில் தெரிந்த மஞ்சள் கறை மேல் வெள்ளை அடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். மாடிப் படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். மனைவி கேலியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

இன்ஜினியர் சொன்னது இதுதான். மூன்று தளத்தையும் கான்கிரீட் தெரியும் வரை பெயர்த்து எடுக்க வேண்டும். பின்னறைக் கூரையை மட்டும் முழுவதும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வார்க்க வேண்டும். வெட்டும்போது பக்கத்து அறைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மற்ற அறைகளில் நைந்த இடத்தைக் கொத்தி, துருவைத் தேய்த்து, மருந்தடித்து, அதற்கான கலவையால் பூச வேண்டும். செலவு புது வீட்டில் கால்வாசிக்குள் வரும். இரண்டு மாதம்.

"இந்த வீட்டு மேல மாடி மட்டும் கட்டவே கூடாது," என்றார் மகனைப் பார்த்து.

"எட்டு ரூம்…" என்றான் மகன்.

"பதினஞ்சு வருஷம் தாங்கும். பாத்துக்கிட்டா இன்னும் கொஞ்சம். அப்புறம் இடிச்சுக் கட்டுங்க. இப்பவே இடிச்சாலும் தப்பில்ல. உங்களுக்கு இப்ப வீடு வேணுமா, ரூம் வேணுமா, அதான் கேள்வி."

"உத்தரவாதமா விழாதுன்னு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதித் தர்றேன் சார். நீங்களும் இனிமே மேல எதுவும் போட மாட்டேன்னு எழுதித் தாங்க."

அன்றிரவு சாப்பிடும்போது முடிவாகிவிட்டது. மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பதினஞ்சு வருஷம் கழிச்சு நானே இடிப்பேன். அப்போ எனக்கு நாப்பது," என்றான். "கல்யாணமாவது ஆயிருக்கட்டும்," என்றாள் அம்மா.

இதற்குப் பிறகு வந்தது யாரும் எதிர்பார்க்காத தடை. போட்டவள் என் மனைவிதான். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் கடப்பாரை வைக்கக் கூடாது, பள்ளம் தோண்டக் கூடாது, ஆணி கூட அடிக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் யாரும் மீறாத விஷயம். முதல் நாளிலிருந்து அவளுக்கு இது மனதில் இருந்திருக்கிறது. இடிப்பதற்கு எதிராக வைத்திருந்த ஆயுதம். இப்போது பழுதுக்கே குறுக்கே வந்துவிட்டது. ஆனி முடிய பத்து நாள் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் எந்த வேலையையும் தொடங்க முடியாது.

அவளைச் சமாதானம் செய்ய நான் அறிவியல் பேசினேன். "மூணு தளம் போட்டது எந்த அறிவியல்?" என்று கேட்டாள்.

கடைசியில் மகளுக்கு வீடியோ கால் போட்டோம். அவள் மாங்காய்ப் பத்தையோ என்னவோ மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏம்மா, கல்யாணத்துல தாரை வாத்துக் கொடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு இன்னா இப்போ?"

"போன தீபாவளிக்கு நான் ரெண்டு நாள் கூட இருக்கறேன்னு சொன்னேன். 'நீ இப்போ அந்த வூட்டுப் பொண்ணுடி, போய் அங்க வெளக்கேத்து'ன்னு பஸ் ஏத்தி உட்டே."

"ஆமா, சொன்னேன்."

"நான் அந்த வூட்டுப் பொண்ணுன்னா உன் வூட்ல எங்க பிள்ளைத்தாய்ச்சி கீறா? நீ கீறியா?"

மகன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்ச் சிரித்தான். மனைவி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, தோற்றதை ஒப்புக்கொள்ளாத குரலில், "வேலை நடக்கற வரைக்கும் நீ இந்தப் பக்கமே எட்டிப் பாக்கக் கூடாது. சொல்லிட்டேன்," என்றாள். மறுநாள் கோவிலில் பூ போட்டுப் பார்த்ததில் வெள்ளைப் பூ வந்ததாகச் சொன்னாள். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஆனி கடைசி வாரம் தொடங்கினோம். இரண்டு மாதம் ஹாலில் குடித்தனம். பிரிட்ஜ், பீரோ, கட்டில், நாங்கள் மூவர், நடுவில் கூரைக்கு முட்டுக் கொடுத்த இரும்புக் கம்பங்கள். மகன் ஷிப்டு முடிந்து வந்து அந்தக் கம்பங்களுக்கு இடையில் வளைந்து நெளிந்து போய்ப் படுப்பான். சாதத்தில் தூசு, டீயில் தூசு. மாடியிலிருந்து இறக்கிய கழிவு டிராக்டரில் போய்க்கொண்டே இருந்தது. பத்தாவது லோடு ஏற்றும்போது டிராக்டர்காரர் என்னிடம், "இன்னா சார், பக்கத்து வூட்டையும் சேத்து இடிக்கிறீங்களா?" என்று கேட்டார். எல்லாம் எங்கள் தலைக்கு மேல் இருந்ததுதான் என்றேன். அவர் வீட்டை நிமிர்ந்து பார்த்து, "கட்னவரு நல்லா கட்டிருக்காரு," என்றார். அப்பாவைப் பற்றி யாரும் இவ்வளவு நன்றாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

புதுக் கூரை வார்த்தார்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, இருபத்தோரு நாள் கழித்துப் பலகையைப் பிரித்தார்கள். பழைய குழாயின் வாயைத் திறந்து, வாட்டம் சரிசெய்து, நீர் இறங்காத பூச்சு அடித்தார்கள். அதன் பிறகு சோதனை. குழாய் வாயை அடைத்து, மாடி முழுவதும் இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். கசிந்தால் கீழே தெரியும்.

முதல் நாள் லீவு போட்டேன். பின்னறைத் தரையில் பாய் விரித்து, மகளின் தலை இருக்கப்போகிற இடத்தில் என் தலையை வைத்து மல்லாந்து படுத்தேன். மேலே ஒரு குளம் நிற்கிறது என்று தெரிந்து அதன் கீழே படுத்திருப்பது வசதியான விஷயம் இல்லை. மனைவி மோரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "மூச்சு விடலாம்," என்றாள். இரண்டாம் நாளும் லீவு. கூரை வெள்ளையாகக் காய்ந்தே இருந்தது. இரண்டாம் நாள் மாலை இன்ஜினியருக்குப் போன் செய்து, இன்னும் ஒரு நாள் தேக்கலாமா என்று கேட்டேன்.

"தேக்குங்க சார். மீன் மட்டும் விட்டுடாதீங்க."

மூன்றாம் நாளும் தேக்கினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. அதன் மேல் கனமில்லாத ஓடு ஒரே ஒரு அடுக்கு. அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை.

ஆவணியில் வளைகாப்பு முடிந்து மகள் வந்தாள். கூடவே சம்பந்தியம்மாவும் வந்தார். பின்னறைக்குள் போய் நின்று, மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், "நல்லா வெளிச்சமா இருக்கு," என்றார். மனைவி சமையலறையிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். சோதனையில் பாஸ்.

மகள் அன்று மதியம் அந்த அறையில் படுத்துத் தூங்கினாள். நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "அப்பா, நீ நின்னாலும் நிக்காட்டியும் அது அங்கதான் இருக்கும். போய் டீ குடி," என்றாள். போனேன். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

புரட்டாசியில் பேத்தி பிறந்தாள். ஐப்பசி மழையில் வாசல் வழியே தண்ணீர் வழக்கம் போல ஹாலின் பாதி வரை வந்தது. மகன் முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தள்ளும்போது, "எட்டு ரூம்" என்று சொல்லிச் சொல்லித் தள்ளினான். பின்னறையில் மேலிருந்து ஒன்றும் வரவில்லை. மழை பலமாகப் பெய்யும்போதெல்லாம் நான் அங்கே போய் நிற்கிறேன். மற்றவர்கள் வீடுகளிலும் பேச்சுக்கு நடுவில் என் கண் மேலே போய்விடுகிறது.

பேத்திக்கு இப்போது இரண்டரை மாதம். மல்லாந்து படுத்துக்கொண்டு, கைகால்களை ஆட்டியபடி, கூரையைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். நேற்று நானும் பக்கத்தில் படுத்து அவள் பார்க்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"அவ சிரிக்கறா. நீங்க ஏன் மொறைக்கறீங்க?"

நான் முறைக்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.